‘லிஸ்ட்’ ஒருமை, ஆனால் ‘ஹேவ்’ சரி: ஆங்கிலப் பிரிவில் பிழை கண்டறிதலும் ஒரு சொல் பதிலீடும்

சாத்தூர்_மல்லி

அனைவருக்கும் வணக்கம். எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வின் இரண்டாம் கட்டத்திற்குப் படித்து வருகிறேன். ஆங்கிலத்தில் 45 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண், தவறாக விடையளித்தால் 1 மதிப்பெண் கழியும். பத்தியைப் படித்து விடை சொல்லும் கேள்விகளை ஓரளவு சமாளித்துவிடுகிறேன். வாக்கியத்தில் பிழை கண்டறிவதிலும், ஒரு விளக்கத்துக்கு ஒரே சொல்லைத் தேர்ந்தெடுப்பதிலும்தான் மதிப்பெண் கசிந்துகொண்டே இருக்கிறது. நேற்று எழுதிய மாக் டெஸ்டில் இந்த இரண்டு வகையில் மட்டும் ஒன்பது கேள்விகள் தவறின. கிடைக்காமல் போனது 27, கழிந்தது 9, ஆக 36 மதிப்பெண் வித்தியாசம்.

எனக்குப் புரியாத வாக்கியம் இது. நான்கு துண்டுகளாகக் கொடுத்திருந்தார்கள்:

‘தி லிஸ்ட் ஆஃப் கேண்டிடேட்ஸ் / ஹூ ஹேவ் கிளியர்ட் தி ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் / வேர் புட் அப் ஆன் தி நோட்டீஸ் போர்டு / எஸ்டர்டே ஈவினிங்.’

‘லிஸ்ட்’ ஒருமை என்பதால் ‘ஹேவ்’ என்பது ‘ஹேஸ்’ ஆக வேண்டும் என்று கருதி இரண்டாம் துண்டைக் குறித்தேன். விடைக் குறிப்பில் மூன்றாம் துண்டு என்று இருக்கிறது. விதியைத் தெரிந்துகொண்டுதான் விடையளித்தேன், ஆனாலும் தவறிவிட்டது. எங்கே வழுக்கினேன் என்று யாராவது விளக்க முடியுமா?

படிக்கட்டு_பயணி

தோழி, விதியெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போதாது. ஆங்கிலம் 45, பொது அறிவு 25 என 70 கேள்விகளையும் ஒரே மணி நேரத்தில் முடிக்க வேண்டும். நான் வாக்கியத்தை மனத்துக்குள் ஒரு முறை வாசித்துப் பார்ப்பேன். எந்த இடத்தில் காதுக்கு உறுத்துகிறதோ அந்தத் துண்டைக் குறித்துவிடுவேன். தினமும் ஆங்கில நாளிதழ் படித்தால் அந்தக் காது தானாக வந்துவிடும். காதுக்கு உறுத்தவில்லை என்றால் அந்தக் கேள்வியை விட்டுவிட வேண்டும். நெகட்டிவ் மார்க் உள்ள தேர்வில் ஊகம் கூடவே கூடாது.

நொய்யல்_கரை

பிழை திருத்தம் என்றால் சந்திப்பிழை, மரபுப்பிழை, ஒருமை பன்மைப் பிழை ஆகியவற்றைத் தனித்தனியாகப் படியுங்கள். பழைய பள்ளித் தமிழ்ப் பாடநூல்களின் இலக்கணப் பகுதியே போதும். ‘மரங்கள் விழுந்தது’ என்பது பிழை, ‘மரங்கள் விழுந்தன’ என்பதே சரி. இந்த வகையில் கேள்வி நிச்சயம் வரும். ஒரு சொல் என்று நீங்கள் கேட்பது ஓரெழுத்து ஒருமொழியா? அதற்கு என்னிடம் பட்டியல் இருக்கிறது, அனுப்புகிறேன்.

சாத்தூர்_மல்லி

நன்றி ஐயா, ஆனால் நான் கேட்பது டிஎன்பிஎஸ்சியின் பொதுத்தமிழைப் பற்றி அன்று. எஸ்எஸ்சியின் ஆங்கிலப் பிரிவைப் பற்றி.

கோப்புக்கட்டு

நொய்யல்_கரை கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்றாலும், அவர் காட்டிய ‘மரங்கள் விழுந்தது’ என்பதிலிருந்தே தொடங்கலாம், ஏனெனில் மல்லியின் சிக்கலுக்கும் அதற்கும் நெருங்கிய உறவு இருக்கிறது. நான் இதே தேர்வை மூன்றாம் முறை எழுதி மத்திய அரசுப் பணிக்கு வந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் சில மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன்.

பேச்சில் நாம் ‘மாடுகள் வந்தது’, ‘பஸ் எல்லாம் நின்றுவிட்டது’ என்றுதான் சொல்கிறோம். ‘வந்தன’, ‘நின்றன’ என்பவை எழுத்தில் மட்டும் வாழ்கின்றன. அஃறிணையில் எழுவாய் பன்மையாக இருந்து வினை ஒருமையாக நின்றால் நம் காது அதைக் கவனிப்பதே இல்லை. அந்தக் காதையே ஆங்கிலத்துக்கும் கொண்டுபோனால் ‘வாஸ்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘வேர்’ இருந்தாலும் உறுத்தாது. ஆகவே படிக்கட்டு_பயணி சொல்லும் காது, ஆங்கிலச் சூழலில் வளர்ந்தவருக்கு உதவலாம்; நம்மில் பெரும்பாலோருக்கு அது சரியாக இந்த இடத்தில்தான் கைவிடும்.

இப்போது மல்லியின் வாக்கியத்துக்கு வருவோம். விதி சரி, அதைப் பொருத்திய இடம்தான் தவறு. அந்த வாக்கியத்தில் இரண்டு வினைகள் இருக்கின்றன. ஒன்று ‘ஹேவ் கிளியர்ட்’, மற்றொன்று ‘வேர் புட் அப்’. ஒவ்வொரு வினையையும் பிடித்து ‘யார்’ அல்லது ‘எது’ என்று தனித்தனியாகக் கேளுங்கள். முதல் கட்டத்தில் தேறியவர் யார்? பட்டியல் தேறவில்லை, விண்ணப்பதாரர்கள் தேறினார்கள். ‘ஹூ’ என்ற சொல் தனக்கு முன்னால் நிற்கும் ‘கேண்டிடேட்ஸ்’ என்பதைச் சுட்டுகிறது. அது பன்மை, ஆகவே ‘ஹேவ்’ சரி. அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது எது? விண்ணப்பதாரர்களைப் பலகையில் ஒட்ட முடியாது, பட்டியல்தான் ஒட்டப்பட்டது. அது ஒருமை, ஆகவே ‘வேர்’ என்பது ‘வாஸ்’ ஆக வேண்டும்.

கேள்வி தயாரிப்பவர் ‘லிஸ்ட்’ என்பதற்கும் அதன் வினைக்கும் நடுவே ஏழெட்டுச் சொற்களைத் திணித்து, அவற்றுள் ஒரு பன்மைப் பெயரையும் ஒரு சரியான பன்மை வினையையும் வைக்கிறார். அரைகுறையாக விதி தெரிந்தவர் முதலில் கண்ணில்படும் வினையை எழுவாயோடு முடிச்சுப் போட்டுவிடுவார் என்று அவருக்குத் தெரியும். விதியே தெரியாதவருக்கு வைத்த பொறி அன்று அது. மல்லியைப் போல விதியைப் படித்தவருக்கு வைத்த பொறி.

குறிக்கும் முன் இன்னொரு சோதனையையும் செய்யலாம். நீங்கள் பிழை என்று கருதும் துண்டை மட்டும் திருத்திவிட்டு, வாக்கியம் முழுவதும் சரியாகிவிட்டதா என்று பாருங்கள். ‘ஹேவ்’ என்பதை ‘ஹேஸ்’ ஆக்கினாலும் மூன்றாம் துண்டில் ‘வேர்’ அப்படியே பிழையாக நிற்கிறது. ஒரே ஒரு துண்டில்தான் பிழை என்று கேள்வி சொல்லும்போது, உங்கள் திருத்தத்துக்குப் பிறகும் பிழை மிஞ்சினால் நீங்கள் வேறு துண்டில் கை வைத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

படிக்கட்டு_பயணி

எழுவாய், வினை விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாப் பிழையும் ஒருமை பன்மையில் வருவதில்லையே. நேற்று நான் பார்த்த வாக்கியம்: ‘ஹீ இஸ் ஒர்க்கிங் / இன் திஸ் ஆபீஸ் / சின்ஸ் 2015.’ இதில் ‘2015 முதல்’ என்பதற்கு ‘ஃப்ரம்’ வர வேண்டும் என்பதால் மூன்றாம் துண்டைக் குறித்தேன், அது எனக்கு உடனே உறுத்தியது. விடை முதல் துண்டாம். விடைக் குறிப்பிலேயே பிழை இருக்கும் என்று நினைக்கிறேன்.

கோப்புக்கட்டு

விடைக் குறிப்பு சரியாகவே இருக்கிறது. நான் மேலே சொன்ன திருத்திப் பார்க்கும் சோதனையையே செய்து பாருங்கள்: ‘சின்ஸ்’ என்பதை ‘ஃப்ரம்’ ஆக்கினால் ‘ஹீ இஸ் ஒர்க்கிங் ஃப்ரம் 2015’ என்று வரும், அதுவும் பிழைதான். ‘இஸ் ஒர்க்கிங்’ என்பதை ‘ஹேஸ் பீன் ஒர்க்கிங்’ ஆக்கிப் பாருங்கள், வாக்கியம் நிமிர்ந்துவிடும்.

இங்கேயும் காதை ஏமாற்றுவது தமிழ்தான். ‘அவர் 2015 முதல் இந்த அலுவலகத்தில் வேலை செய்கிறார்’ என்பது பழுதில்லாத தமிழ். முன்பே தொடங்கி இன்னும் நீடிக்கும் செயலைத் தமிழில் நிகழ்காலத்திலேயே சொல்லிவிடலாம், ‘முதல்’ என்ற ஒரு சொல் தொடக்கத்தைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் தொடக்கத்தைச் சொல்லிவிட்டால் வினையும் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். தமிழில் சரியான வாக்கியம் ஒன்று அடியில் ஓடிக்கொண்டிருப்பதால் ‘இஸ் ஒர்க்கிங்’ உங்களுக்கு இயல்பாகவும், ‘சின்ஸ்’ அந்நியமாகவும் படுகிறது. ‘சின்ஸ்’ அல்லது ‘ஃபார்’ என்ற சொல்லோடு ஒரு காலம் வந்தால் அடுத்த கணமே வினையைப் பாருங்கள்.

‘வீ டிஸ்கஸ்ட் அபவுட் தி இஷ்யூ’ என்பதும் இதே குடும்பம். ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்று நாம் சொல்வதால் ‘அபவுட்’ இயல்பாக ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தின் ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குள்ளேயே அந்தப் ‘பற்றி’ அடங்கியிருக்கிறது. என் மாணவர்களிடம் தவறிய வாக்கியங்களை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்திலேயே அவற்றின் தமிழ் வடிவத்தையும் எழுதச் சொல்வேன். பத்துப் பதினைந்து வாக்கியங்கள் சேர்ந்ததும் தமிழ் எந்தெந்த இடத்தில் கையைப் பிடித்து இழுக்கிறது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

ஊகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான்கில் எதுவுமே தெரியாமல் குறித்தால், நான்கு கேள்விக்கு ஒன்று பொருந்தி 3 கிடைக்கும், மூன்று தவறி 3 கழியும். லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆனால் இரண்டு துண்டுகளை உறுதியாக விலக்கிவிட்டு மிச்ச இரண்டில் ஒன்றைக் குறித்தால், சராசரியாகக் கேள்விக்கு 1 மதிப்பெண் மிஞ்சும். ஆகவே ‘கூடவே கூடாது’ என்பது கொஞ்சம் அதிகம்.

இரண்டாம்_முயற்சி

எழுவாயைத் தேடச் சொல்வதெல்லாம் சரி. எழுவாய் எது என்பதிலேயே சண்டை இருந்தால் என்ன செய்வது? இதைப் பாருங்கள்: ‘ஹீ இஸ் ஒன் ஆஃப் தோஸ் ஆபீசர்ஸ் / ஹூ நெவர் டேக்ஸ் பிரைப்ஸ் / ஃப்ரம் எனிபடி / நோ எரர்.’ நான் பணம் கட்டிய மாக் டெஸ்டில் ‘பிழை இல்லை’ என்பது விடை. என் அறைத் தோழர் வைத்திருக்கும் வழிகாட்டி நூலில் ஏறக்குறைய இதே வாக்கியம் இருக்கிறது. அதில் ‘டேக்ஸ்’ பிழை, ‘டேக்’ என்று வர வேண்டும் என்றிருக்கிறது. எது சரி?

கோப்புக்கட்டு

தேர்வுக்கு ‘டேக்’ என்பதையே வைத்துக்கொள்ளுங்கள். லஞ்சம் வாங்காத அதிகாரிகள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது, அவர் அக்கூட்டத்தில் ஒருவர் என்பதுதான் வாக்கியத்தின் பொருள். ‘ஹூ’ சுட்டுவது கூட்டத்தை, ஆகவே பன்மை. மல்லியின் பட்டியல் வாக்கியத்தில் ‘ஹூ ஹேவ்’ சரியானதும் இதே காரணத்தால்தான். ‘தி ஒன்லி ஒன் ஆஃப் தோஸ் ஆபீசர்ஸ்’ என்று ‘ஒன்லி’ நுழைந்தால் மட்டும் கதை மாறும். அப்போது வாங்காதவர் அவர் ஒருவரே, ஆகவே ‘டேக்ஸ்’.

இரண்டாம்_முயற்சி

ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இந்த இடத்தில் ஒருமையை எழுதுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நல்ல எழுத்தாளர்களின் நூல்களிலும் வருகிறது. அப்படியிருக்க அதை எப்படிப் பிழை என்று சொல்வது?

கோப்புக்கட்டு

நீங்கள் பார்த்தது உண்மை. எழுதுபவரின் மனம் அந்த ஒருவர்மேல் நிற்கும்போது ஒருமை தானாக வந்துவிடுகிறது, அதை ஏற்கும் அகராதியாளர்களும் உண்டு. தேர்வு கேட்பது வழக்கை அன்று, பாடநூல் விதியை. இரண்டும் மோதும் இடங்கள் சில இருக்கின்றன. ‘நன் ஆஃப் தெம்’ என்பதற்குப் பின் ஒருமையா பன்மையா என்பதும் அவற்றுள் ஒன்று. அங்கே மற்ற மூன்று துண்டுகளையும் முதலில் நன்றாகச் சலித்துவிடுங்கள். வேறு எங்காவது ஐயத்துக்கு இடமில்லாத பிழை இருந்தால் அதுதான் விடை. சர்ச்சைக்குரிய இடத்தை அவர்கள் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார்கள்.

சாத்தூர்_மல்லி

பட்டியல் வாக்கியம் இப்போது தெளிவாகிவிட்டது. இனி ஒரு சொல் பதிலீடு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைத் தமிழ்ப் பொருளோடு மனப்பாடம் செய்திருக்கிறேன், ஆனாலும் தவறுகிறது. கேட்டிருந்த விளக்கம் இது: தன் சொந்த நாட்டை விட்டு வேறொரு நாட்டில் நிலையாகக் குடியேறுவதற்காகச் செல்பவர். தேர்வுகள்: ‘இமிக்ரன்ட்’, ‘எமிக்ரன்ட்’, ‘ரெஃப்யூஜி’, ‘நோமாட்’. என் நோட்டில் முதல் இரண்டுக்கும் ‘குடிபெயர்ந்தவர்’ என்றே எழுதி வைத்திருக்கிறேன். முதலாவதைக் குறித்தேன், தவறு.

மழைக்கால_ரயில்

இந்தக் கேள்வியைக் கண்டதும் என் பெரியப்பாவின் நினைவு வந்தது. நாங்கள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர்கள். பெரியப்பா போரின்போது ஊரை விட்டுக் கனடாவுக்குப் போனார். முதலில் அகதி என்று பதிந்தார்கள், பிறகு குடியுரிமை கிடைத்து அங்கேயே வீடு வாங்கிவிட்டார். இந்த நான்கில் அவர் யார்? மூன்றும் பொருந்துகிறதே.

கோப்புக்கட்டு

மூன்றும் பொருந்தத்தான் செய்யும், ஏனெனில் அம்மூன்றும் ஒரே மனிதரை மூன்று இடங்களில் நின்று பார்க்கும் சொற்கள். யாழ்ப்பாணத்தில் நின்று பார்ப்பவருக்கு உங்கள் பெரியப்பா ஊரை விட்டு வெளியேறியவர், அது ‘எமிக்ரன்ட்’. கனடாவில் நின்று பார்ப்பவருக்கு உள்ளே வந்து குடியேறியவர், அது ‘இமிக்ரன்ட்’. உயிருக்கு அஞ்சிப் புகலிடம் தேடினார் என்ற காரணத்தைச் சொன்னால்தான் ‘ரெஃப்யூஜி’.

ஆகவே மல்லி, விடையைத் தீர்மானிப்பது விளக்கத்தின் வினைச்சொல். ‘விட்டுச் செல்பவர்’ என்று இருந்ததால் எமிக்ரன்ட். ‘வந்து குடியேறுபவர்’ என்று இருந்தால் இமிக்ரன்ட். போர், துன்புறுத்தல் என்ற பேச்சே விளக்கத்தில் இல்லாததால் ரெஃப்யூஜி விலகிவிடும். ‘நிலையாக’ என்று இருப்பதால், ஓரிடத்தில் தங்காத நோமாடும் விலகிவிடும்.

உங்கள் நோட்டுதான் உங்களைத் தவறவிட்டது. இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கு ஒரே தமிழ்ச் சொல்லை எழுதிய கணத்திலேயே கேள்வி தயாரிப்பவரின் வேலையில் பாதியை நீங்களே முடித்துக் கொடுத்துவிட்டீர்கள், ஏனெனில் அவர் தேர்வுகளில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது அந்த இரண்டைத்தான். ‘ஏத்தியிஸ்ட்’, ‘அக்னாஸ்டிக்’ இரண்டுக்கும் பலர் ‘நாத்திகர்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கடவுள் இல்லை என்பவர் முன்னவர்; இருக்கிறாரா இல்லையா என்று அறிய முடியாது என்பவர் பின்னவர். ‘பையானுவல்’ என்பது ஆண்டுக்கு இருமுறை, ‘பையென்னியல்’ என்பது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. இரண்டையும் ‘ஈராண்டு’ என்று எழுதிவிட்டால் தேர்வறையில் நாணயத்தைத்தான் சுண்ட வேண்டியிருக்கும். அகரவரிசைப் பட்டியலைக் கலைத்துவிட்டு, ஒன்றோடொன்று குழம்பும் சொற்களை இரண்டிரண்டாக, மூன்றுமூன்றாக ஒரே பக்கத்தில் கொண்டுவாருங்கள். எதிரே எழுதுவது சொல்லுக்குச் சொல் பொருளாக இல்லாமல், அவை பிரியும் இடமாக இருக்கட்டும்.

நொய்யல்_கரை

அப்படியானால் தமிழ் எல்லா இடத்திலும் குழப்பத்தான் செய்யும் என்கிறீர்களா? இதை நான் ஏற்க மாட்டேன்.

கோப்புக்கட்டு

நீங்கள் ஏற்காததும் நியாயமே. ‘செமிட்டரி’, ‘கிரெமட்டோரியம்’, ‘மார்ச்சுவரி’ மூன்றும் அடிக்கடி ஒரே கேள்வியில் வரும். வட மாநில மாணவர்கள் சிலர் இதில் தடுமாறியதைப் பார்த்திருக்கிறேன். நமக்கு இடுகாடு, சுடுகாடு, பிணவறை என்று மூன்று சொற்கள் தனித்தனியாக இருக்கின்றன. இடுதலும் சுடுதலும் சொல்லிலேயே நிற்பதால் தமிழ் மாணவர் இங்கே தவற வழியில்லை, பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் சுடுகாடு என்று சொல்பவராக இல்லாதவரை.

படிக்கட்டு_பயணி

ஒரு சொல்லில் எனக்கு வேறொரு வழி உண்டு. விளக்கம் ‘ஒன் ஹூ’ என்று தொடங்கினால் விடை ஆளைக் குறிக்கும் பெயராக இருக்கும், ‘தட் விச் கேன்னாட் பீ’ என்று தொடங்கினால் பண்பைக் குறிக்கும் சொல்லாக இருக்கும். அதை வைத்தே இரண்டு தேர்வுகளை அடித்துவிடலாம்.

கோப்புக்கட்டு

நல்ல வழி, நானும் பயன்படுத்துவேன். ஆனால் அது முதல் சல்லடை மட்டுமே. ‘படிக்க முடியாத கையெழுத்து’ என்று கேட்டு ‘இல்லெஜிபிள்’, ‘இல்லிட்டரேட்’, ‘இன்ஆடிபிள்’, ‘இன்எலிஜிபிள்’ என்று கொடுத்தால் நான்குமே பண்புச் சொற்கள். உங்கள் சல்லடையில் எதுவும் விழாது. அங்கே ‘கையெழுத்து’ என்ற சொல்தான் ‘இல்லெஜிபிள்’ என்பதைக் காட்டிக்கொடுக்கும். அவசரத்தில் ‘இன்எலிஜிபிள்’ என்பதைக் குறித்தவர்கள் என் வகுப்பிலேயே நான்கு பேர்.

சாத்தூர்_மல்லி

தவறிய ஒன்பதையும் இன்று மாலை உட்கார்ந்து மறுபடியும் போட்டுப் பார்த்தேன். வினையைப் பிடித்து ‘யார், எது’ என்று கேட்டதில் பிழை கண்டறிதலின் ஐந்தில் நான்கு சரியாக வந்தன. விடை ஏற்கெனவே தெரிந்திருந்ததால் இதை முழுக்க நம்ப மாட்டேன். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் ஆனது. 60 நிமிடத்தில் 70 கேள்விகள் என்ற கணக்குக்கு இது ஒத்துவராது. ஒரு சொல் நான்கில் மூன்று என் நோட்டில் ஒரே தமிழ்ச் சொல்லைப் பகிர்ந்துகொண்டவை என்பதைக் கண்டு கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

கோப்புக்கட்டு

நேரம் குறையும், ஆனால் ஒரே வாரத்தில் குறையாது. ஒரு சொல் கேள்விகளுக்குப் பதினைந்து விநாடிக்கு மேல் கொடுக்காதீர்கள். தெரிந்தால் உடனே தெரியும், தெரியாவிட்டால் உட்கார்ந்து யோசிப்பதால் வந்துவிடாது. அங்கே மிஞ்சும் நேரத்தைப் பிழை கண்டறிதலுக்குச் செலவிடுங்கள். குறுகிய வாக்கியங்களில் வினை ஒன்றுதான் இருக்கும், அவற்றுக்கு இந்த முழுச் சோதனையும் வேண்டாம். தவறிய அந்த ஐந்தாவது வாக்கியத்தை இங்கே எழுதுங்கள், பார்க்கலாம்.

இரண்டாம்_முயற்சி

‘டேக்’, ‘டேக்ஸ்’ விஷயத்தில் நான் இன்னும் சமாதானமாகவில்லை. மாக் டெஸ்ட் நடத்துபவர்களுக்கு எழுதிக் கேட்டேன். ‘எங்கள் விடையே சரி’ என்று ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது, காரணம் சொல்லவில்லை. உண்மைத் தேர்வில் இதே வாக்கியம் வந்தால் ‘டேக்’ என்றே குறிப்பேன், உத்தேச விடைக் குறிப்பு வேறு மாதிரி வந்தால் கட்டணம் கட்டி ஆட்சேபமும் எழுப்புவேன்.

சாத்தூர்_மல்லி

ஐந்தாவது வாக்கியம் இதோ: ‘தி ஃபர்னிச்சர்ஸ் இன் தி ஹால் / வேர் பாட் பை மை அங்கிள் / ஹூ லிவ்ஸ் இன் மதுரை.’ வினைகளைப் பிடித்தேன், ‘ஃபர்னிச்சர்ஸ்’ பன்மை என்பதால் ‘வேர்’ சரியாகத் தெரிந்தது, மாமா ஒருவர் என்பதால் ‘லிவ்ஸ்’ சரியாகத் தெரிந்தது. எதையும் குறிக்காமல் விட்டுவிட்டேன்.

கோப்புக்கட்டு

இந்த வாக்கியத்தைத் தயாரித்தவர்மேல்தான் எனக்கு வருத்தம். ‘ஃபர்னிச்சர்’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் பன்மை வடிவம் கிடையாது, ஆகவே முதல் துண்டு பிழை. ஆனால் அதைத் திருத்தினால் ‘வேர்’ என்பதும் ‘வாஸ்’ ஆக வேண்டியிருக்கிறது. ஒரு துண்டில் மட்டும் பிழை என்ற நிபந்தனையை அவரே மீறிவிட்டார். விடைக் குறிப்பில் முதல் துண்டு என்று இருந்தால் அதை ஏற்றுக்கொண்டு, மற்ற கேள்விகளையும் கொஞ்சம் ஐயத்தோடு பாருங்கள். முடிந்தால் ஆணையமே வெளியிட்ட முந்தைய ஆண்டுக் கேள்வித்தாள்களுக்கு மாறிவிடுங்கள்.